தடை எப்ப முடியுது? தமிழ் ஆவணத் தேடலைக் கட்டும் வேலை

‘நம்மிடம் இருக்கும் தமிழ் ஆவணங்களில் கேட்டதைத் தேடித் தரும் அமைப்பு ஒன்று வேண்டும்’ என்று மேலாளர் சொன்னதும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் தேடுவது எம்பெடிங் மாடலைத்தான். நேர்காணலிலும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அது மூன்றாவதாக எடுக்க வேண்டிய முடிவு. கையில் இருப்பது உண்மையிலேயே தமிழ் எழுத்துதானா என்பது முதலாவது. ஆவணத்தை எங்கே வெட்டுவது என்பது இரண்டாவது. இந்த இரண்டிலும் கோட்டை விட்டால் மாடலை எத்தனை முறை மாற்றினாலும் விடை தேறாது.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம். திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலையில் ஒரு மீனவர் கைபேசியில் கேட்கிறார்: “தடை எப்ப முடியுது?” மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையின் அறிவிப்புகள், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், நிவாரணத் திட்டங்கள் பற்றிய அரசாணைகள் ஆகியவை உங்கள் ஆவணக் குவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குக் காட்டும் மாதிரித் திட்டமாக இதையே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலச் செய்திகளை வைத்துக் கட்டிய நூறு மாதிரிகளை நேர்காணல் செய்பவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். இதைப் பார்த்திருக்க மாட்டார்.

கேள்வி சிறியது, விடை அப்படியல்ல. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2017க்கு முன்பு கிழக்கில் 45 நாள்தான் இருந்தது. அதோடு, தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும் உரியது. நாட்டுப்படகுக்காரர் அந்த நாள்களிலும் கடலுக்குப் போகலாம். ஆக எந்தக் கரை, எந்த ஆண்டு, எந்தப் படகு என்ற மூன்றும் தெரியாமல் கொடுக்கும் விடை பாதிதான். அதில் எது தவறினாலும் பாதிப்பு கேட்டவருக்கே.

எழுத்து எழுத்தாக இருக்கிறதா?

அரசு அலுவலகங்களில் பல ஆண்டுகளாகத் தமிழைத் தட்டச்சு செய்தது யூனிகோடில் அல்ல. பாமினி போன்ற எழுத்துருக்களில். திரையில் ‘மீன்பிடித் தடை’ என்று அழகாகத் தெரியும். பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவி எடுத்தால் வருவது இது:

```
kPd;gpbj; jil
```

கணினிக்கு இது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளின் குப்பை. எம்பெடிங் மாடல் இதற்கும் முகம் சுளிக்காமல் ஒரு வெக்டரைத் தந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் சிக்கல். எனவே எந்த நிரலையும் எழுதுவதற்கு முன் பத்துப் பதினைந்து ஆவணங்களைத் திறந்து, உருவிய எழுத்தைக் கண்ணால் படியுங்கள். பாமினி என்று தெரிந்தால் எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடாக்குங்கள். ஒரே ஆவணத்தில் தலைப்பு ஒரு எழுத்துருவிலும் உடல் வேறொன்றிலும் இருப்பது சாதாரணம். அதனால் மொத்தமாக மாற்றாமல், பத்திக்குப் பத்தி எந்த எழுத்துரு என்று பார்த்து மாற்றுவது நல்லது.

(இந்தக் கடற்கரைக்குத் தமிழ் எழுத்தை இயந்திரத்தில் ஏற்றும் பாடு புதிதல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தந்த அன்றீக் அடிகளார் ஊழியம் செய்தது பக்கத்துப் புன்னைக்காயலில்தான்.)

யூனிகோடாகவே இருந்தாலும் இரண்டு கோளாறுகள் மறைந்திருக்கும். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், தனித்தனி இரண்டாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும். தேடினால் ஒன்று மற்றதைக் காணாது. இதை NFC என்ற இயல்பாக்கம் சரிசெய்துவிடும். இரண்டாவது கோளாறு, பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் உருவும்போது வருவது. ‘கொடுக்க’ என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடும். இதை NFC சரிசெய்யாது. ஆனால் கண்டுபிடிப்பது எளிது. எந்தத் தமிழ்ச் சொல்லும் உயிர்க்குறியிலோ புள்ளியிலோ தொடங்காது அல்லவா?

```python
import re, unicodedata

def clean(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return re.sub("[\u200b\u200c\u200d\ufeff]", "", s)

def broken(s):
    return len(re.findall(r"(?:^|\s)[\u0BBE-\u0BCD]", s))
```

`broken` தரும் எண்ணை ஆவணத்துக்கு ஆவணம் பதிந்துவையுங்கள். நல்ல ஆவணத்தில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். பக்கத்துக்கு இருபது முப்பது என்று ஏறினால் அந்தக் கோப்பை உருவுவதை விட்டுவிட்டு, பக்கத்தைப் படமாக்கி எழுத்துணரியில் கொடுப்பதே சீக்கிரம் முடியும் வழி. டெசராக்ட்டில் தமிழுக்கு `tam` என்ற தரவு உண்டு. அது காலையும் ‘ர’வையும் மாற்றிப் போடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள், பழைய, மங்கிய நகல்களில் அது அடிக்கடி நடக்கும்.

எங்கே வெட்டுவது?

துண்டின் அளவு என்றதும் பயிற்சிக் காணொளிகளில் வரும் 1000 என்ற எண்ணை அப்படியே போட்டுவிடுகிறார்கள். அந்த ஆயிரம் எதை எண்ணுகிறது என்று கேளுங்கள். பைத்தானில் `len("மீன்")` நான்கு. நமக்கு அது இரண்டு எழுத்து. கணினிக்கு ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று நான்கு குறியீடு. ஆகவே எழுத்தெண்ணிக்கையில் ஆயிரம் என்பது தமிழில் நூறு, நூற்றைம்பது சொல்லுக்குள் முடிந்துவிடும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து வெட்டினால் மெய்யும் புள்ளியும் பிரிந்து, அடுத்த துண்டு வெறும் புள்ளியில் தொடங்கவும் கூடும்.

மாடல் எண்ணுவதோ வேறொன்றை: டோக்கனை. ஒரு தமிழ்ச் சொல்லை அது இரண்டு மூன்று டோக்கனாக உடைக்கும். விகுதிகள் நீண்டால் இன்னும் கூடும். `multilingual-e5` குடும்ப மாடல்கள் 512 டோக்கன் வரைதான் படிக்கும். அதாவது ஏறக்குறைய இருநூறு தமிழ்ச் சொல். அதற்கு மேல் உள்ளதைச் சத்தமில்லாமல் வெட்டி எறிந்துவிடும். ஐந்நூறு சொல் கொண்ட துண்டைக் கொடுத்தால் பின்பாதி தேடலுக்கு இல்லவே இல்லை. “முன்பாதியில் உள்ளது கிடைக்கிறது, பின்பாதியில் உள்ளது கிடைக்கவில்லை” என்று யாராவது குறை சொன்னால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

```python
from transformers import AutoTokenizer
tok = AutoTokenizer.from_pretrained("intfloat/multilingual-e5-base")
print(len(tok("passage: " + chunk)["input_ids"]))
```

எல்லாத் துண்டுகளுக்கும் இதை ஓட்டி, 512ஐத் தாண்டுபவற்றைத் தனியே பட்டியலிடுங்கள். அரை மணி நேர வேலை. பல வாரத் தலைவலி மிச்சம்.

ஆனால் அளவைவிட இடம் முக்கியம். நம் கேள்விக்கு வருவோம். தடைக்கால அறிவிப்பு ஒன்றில் ‘கிழக்குக் கடற்கரைப் பகுதி’ என்று தலைப்பு. கீழே ஊர் வரம்பும் தேதியும். பிறகு ‘மேற்குக் கடற்கரைப் பகுதி’ என்று இன்னொரு தலைப்பு. அதன் கீழே ஜூன் 1, ஜூலை 31. எண்ணிக்கையை வைத்து வெட்டும் கருவி இரண்டாவது தலைப்பை முந்தைய துண்டின் கடைசி வரியாக விட்டுவிட்டுத் தேதியை மட்டும் அடுத்த துண்டுக்குக் கொண்டுபோகும். இப்போது அந்தத் துண்டில் ‘தடைக்காலம்’ இருக்கிறது, தேதி இருக்கிறது, எந்தக் கரை என்பது இல்லை. “தடை எப்ப முடியுது?” என்ற கேள்விக்கு அதுவே முதலில் வந்து நிற்கும். ஆலந்தலைக்காரருக்கு ஜூலை 31 என்று விடை போகும். ஒன்றரை மாதம் தவறு. தேடியதில் பிழை இல்லை, வெட்டியதில் பிழை.

இதற்கு நான் பரிந்துரைக்கும் முறை எளியது. விதி, உட்பிரிவு, பத்தி என்று ஆவணமே வகுத்துவைத்த எல்லைகளில் வெட்டுங்கள். ஒரு விதி ஒரு துண்டு. நூறு சொல்லிலிருந்து நூற்றெண்பது சொல் வரை இருக்கட்டும். விதி நீளமானால் வாக்கிய எல்லையில் பிரித்து, கடைசி வாக்கியம் ஒன்றிரண்டை அடுத்ததிலும் திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஆவணத்தின் பெயர், தேதி, தலைப்பு, உள்தலைப்பு ஆகியவற்றை ஒரே வரியாக ஒட்டுங்கள்:

```
தடைக்கால அறிவிப்பு | 2017 | கிழக்குக் கடற்கரை | விசைப்படகு
```

இந்த ஒரு வரிக்கு இருபது முப்பது டோக்கன் செலவாகும். தயங்க வேண்டாம். அட்டவணை வந்தால் ஒவ்வொரு வரிசையையும் நிரல் தலைப்புகளோடு சேர்த்து முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள். ‘8,000’ என்று தனியே நிற்கும் எண்ணைக் கேள்வியோடு பொருத்த எந்த மாடலாலும் முடியாது.

வாக்கிய எல்லையைப் புள்ளியை வைத்துப் பிரிப்பவர்கள் ‘எண்.’, ‘திரு.’, ‘ரூ.’ ஆகியவற்றில் வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசாணையில் இவை வரிக்கு வரி வரும்.

இப்போது மாடல்

முதலில் எதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். `all-MiniLM-L6-v2` என்பது பயிற்சிப் பாடங்களில் எல்லோரும் போடும் மாடல், ஆங்கிலத்துக்கானது. அது எழுத்தை உடைப்பதற்கு முன் ஐரோப்பிய மொழிகளின் அசைக்குறிகளை நீக்குவதாக நினைத்துக்கொண்டு, யூனிகோடில் அதே வகையில் இருக்கும் நம் புள்ளியையும் ஈகாரக் குறியையும் சேர்த்துக் கழற்றிவிடும். ‘மீன்’ உள்ளே போனால் ‘மன’ என்றுதான் மாடலுக்குப் போய்ச் சேரும். ‘மீனவர்’ ‘மனவர’ ஆகிவிடும். மீனவர் நல ஆவணங்களுக்கு இதைவிடப் பொருத்தமற்ற மாடல் கிடையாது. `paraphrase-multilingual-MiniLM-L12-v2` பெயரில் பன்மொழி என்று இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பயிற்றப்பட்டது. குஜராத்தியும் மராத்தியும் அந்தப் பட்டியலில் உண்டு, தமிழ் இல்லை. பெயரைப் பார்த்து எடுக்காமல் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

தரவரிசைப் பட்டியல்களையும் இதே சந்தேகத்தோடு படிக்க வேண்டும். பன்மொழித் தேடலுக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் MIRACL தேர்வில் பதினெட்டு மொழிகள். இந்தி, வங்காளம், தெலுங்கு உண்டு. தமிழ் கிடையாது. அதில் முதலிடம் பிடித்த மாடல் தமிழில் எப்படி என்பதற்கு அந்த எண் சாட்சியாகாது.

தொடங்குவதற்கு இரண்டு போதும். மடிக்கணினியில் ஓட வேண்டுமானால் `multilingual-e5-base`. வெக்டரின் நீளம் 768. கொஞ்சம் வலுவான கணினி கிடைத்தால் `bge-m3`. நீளம் 1024, ஒரே மூச்சில் 8192 டோக்கன் வரை படிக்கும். இரண்டும் வணிகப் பயன்பாட்டுக்குத் தடையில்லாத எம்ஐடி உரிமத்தில் கிடைக்கின்றன. 8192 என்றதும் துண்டையும் அந்த அளவுக்குப் பெரிதாக்கிவிடாதீர்கள். பத்து விதிகளை ஒரே வெக்டரில் அடைத்தால் எந்த விதியின் சாயலும் தெளிவாக இராது.

இ5 மாடலில் கேள்விக்கு முன்னால் `query: ` என்றும் துண்டுக்கு முன்னால் `passage: ` என்றும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மறந்தால் பிழை வராது, தரம் மட்டும் இறங்கும். இன்னொன்று: அதன் ஒப்புமை மதிப்பெண்கள் பெரும்பாலும் 0.7க்கும் 1க்கும் இடையிலேயே கிடக்கும். “0.75 வந்திருக்கிறதே, நல்ல பொருத்தம்தானே” என்று ஏமாற வேண்டாம். சம்பந்தமே இல்லாத துண்டும் அதை வாங்கும். வரிசையைப் பாருங்கள், எண்ணைப் பார்க்காதீர்கள்.

இதற்கெல்லாம் தனி வெக்டர் தரவுத்தளம் வேண்டுமா என்று கேட்பார்கள். 1024 எண் கொண்ட வெக்டர் ஒன்றுக்கு நான்கு கிலோபைட். ஐயாயிரம் துண்டுக்கு இருபது மெகாபைட். ஒரு நம்பை அணிக்குள் அடங்கிவிடும். முதல் ஆறு மாதத்துக்கு அதுவே போதும் என்று மேலாளரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

எம்பெடிங் மட்டும் போதாது

ஆலந்தலையிலும் பக்கத்து அமலிநகரிலும் கடலரிப்பு பற்றிப் பேச்சு எழுந்தால் வரும் சொல் ‘தூண்டில் வளைவு’. கரையை அலை அரிக்காமலிருக்கக் கடலுக்குள் கொட்டும் கல் தடுப்பு அது. மீன் பிடிப்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொருளை வைத்துத் தேடும் மாடல், தூண்டில் முறை மீன்பிடிப்பு பற்றிய விதியைக் கொண்டுவந்து நிறுத்த எல்லா வாய்ப்பும் உண்டு. கச்சான், கொண்டல், சோழகம் ஆகிய காற்றுப் பெயர்களும், அரசாணை எண்களும் இப்படித்தான். எழுத்துக்கு எழுத்து பொருத்தும் தேடல் ஒன்று கூடவே ஓட வேண்டும்.

அங்கேயும் தமிழுக்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது. பைத்தானின் `re` தொகுதியில் `\w+` என்று போட்டால் ‘மீன்’ என்பதை ‘ம’, ‘ன’ என்று இரண்டாக உடைக்கும். உயிர்க்குறிகளை அது எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. இயல்பு அமைப்பில் விட்ட `TfidfVectorizer` உடைப்பதும் இதே இடங்களில்தான், அதோடு தனியே நிற்கும் ஒற்றை எழுத்துகளைத் தூக்கியும் எறிந்துவிடும். சொல்லைச் சரியாகப் பிரித்தாலும் ‘தடைக்காலம்’, ‘தடைக்காலத்தில்’, ‘தடைக்காலத்துக்கு’ மூன்றும் மூன்று தனிச் சொற்கள். ‘மீன்பிடித் தடை’, ‘மீன்பிடி தடை’, ‘மீன்பிடித்தடை’ என்று ஒற்றும் இடைவெளியும் ஆளுக்கு ஆள் மாறும். வேர்ச்சொல் பிரிப்பான்கள் உண்டு. ஸ்நோபாலில் தமிழ் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பிலிருந்து அதைச் சேர்த்துக்கொண்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது எழுத்துக் கோவைகளாக உடைப்பது:

```python
from sklearn.feature_extraction.text import TfidfVectorizer
lex = TfidfVectorizer(analyzer="char_wb", ngram_range=(4, 7))
```

மூன்று வடிவங்களுக்கும் ‘தடைக்கால’ என்ற பகுதி பொது என்பதால் தானாகவே பொருந்திவிடும். இலக்கணம் தெரியாத முறைதான், ஆனால் தட்டச்சுப் பிழையையும் தாங்கும்.

இரண்டு தேடலின் வரிசைகளையும் சேர்க்க, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பட்டியலிலும் அது பெற்ற இடத்தை வைத்து `1/(60+rank)` கணக்கிட்டுக் கூட்டுங்கள். மதிப்பெண்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் வம்பே வேண்டாம்.

ஆண்டுக் குழப்பத்தை இந்த இரண்டு தேடலுமே தீர்க்காது. 45 நாள் என்று சொல்லும் பழைய ஆவணமும் 61 நாள் என்று சொல்லும் புதியதும் பொருளில் இரட்டைப் பிள்ளைகள். தடைக்கால நிவாரணமும் அப்படியே: 5,000 ரூபாய் என்று சொல்லும் ஆணைகள் இருக்கும், 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் 8,000 ரூபாய் என்று அறிவித்ததைச் சொல்லும் ஆவணமும் இருக்கும். ஒவ்வொரு துண்டோடும் தேதி, கரை, படகு வகை, நடப்பில் உள்ளதா என்ற நான்கு குறிப்புகளையும் சேமித்து, தேடுவதற்கு முன்பே வடிகட்டுங்கள். கேட்டவர் கரையைச் சொல்லாவிட்டால் ஊர்ப் பெயரிலிருந்து எடுக்கலாம். படகைச் சொல்லாவிட்டால் “விசைப்படகா, நாட்டுப்படகா?” என்று திருப்பிக் கேட்பதே மரியாதை.

தேர்வுத்தாள்

இவ்வளவும் சரியாக நடக்கிறதா என்று அறிய ஒரே வழி கேள்வித் தொகுப்பு. நாற்பது ஐம்பது போதும். ஆவணத்தைப் பார்த்து நீங்களே எழுதாதீர்கள். ஆவணத்தின் சொற்களே கேள்வியிலும் வந்துவிடும், எல்லாம் நன்றாக நடப்பதாகத் தோன்றும். ஏலக்கூடத்திலும் வலை பின்னும் இடத்திலும் போய்க் கேளுங்கள். ஆவணம் ‘மீன்பிடித் தடைக்கால நிவாரணத் தொகை’ என்கிறது, ஆள் “தடைக்காலக் காசு எப்ப ஏறும்?” என்பார். ஆவணம் ‘விசைப்படகு’, ஆள் ‘போட்டு’. இளைஞர்கள் கைபேசியில் `thadai kaalam eppo mudiyum` என்று ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். கடைசி வகையை எம்பெடிங்கிடம் நேராகக் கொடுக்காமல் முதலில் தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட `IndicXlit` இதற்கு உதவும்.

ஒவ்வொரு கேள்விக்கும் சரியான துண்டு எது என்று குறித்துக்கொண்டு, முதல் ஐந்தில் அது வந்ததா என்று மட்டும் எண்ணுங்கள். உதாரணத்துக்கு நாற்பதில் இருபத்தெட்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். வராத பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்து கெட்டதா, வெட்டு தவறா, பழைய ஆவணம் முந்தியதா, பேச்சுச்சொல் புரியவில்லையா என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் எது அதிகமோ அதைத்தான் அடுத்த வாரம் திருத்த வேண்டும். மாடலை மாற்றுவது கடைசிக் காரணத்துக்கு மட்டுமே மருந்து. நேர்காணலுக்குப் போகும்போது கட்டிய செயலியைக் காட்டுவதைவிட இந்தத் தாளைக் காட்டுங்கள். வேலை தெரிந்தவர் அதைத்தான் ஊன்றிப் படிப்பார்.

தொகுப்பில் ஐந்தாறு கேள்விகள் ஆவணத்தில் விடையே இல்லாதவையாக இருக்கட்டும். அவற்றில் ஒன்று கட்டாயம் இது: “இன்னைக்குக் கடலுக்குப் போலாமா?” சட்டத்திலும் அரசாணையிலும் இதற்கு விடை கிடையாது. ஆனால் தேடல் எப்போதும் ஐந்து துண்டுகளைக் கொண்டுவந்து போடும். அதில் ஏதோ ஒரு பழைய புயல் எச்சரிக்கையோ, நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்ற விதியோ இருக்கும். அதை வைத்து “போகலாம்” என்று எழுதிவிடும் அமைப்பை வெளியே விடக் கூடாது. இத்தகைய கேள்வி வந்தால் தேடலுக்கே போகாமல், அன்றைய வானிலைத் துறை எச்சரிக்கைக்கும் ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்புக்கும் நேராக அனுப்பும் விதியைக் கையாலேயே எழுதிவையுங்கள். ‘போலாமா’, ‘காத்து’, ‘அலை’, ‘கடல் எப்படி’ என்று அவர்கள் கேட்கும் சொற்களையெல்லாம் அதில் சேர்த்து, ஒவ்வொரு முறை அமைப்பை மாற்றும்போதும் முதலில் இந்தக் கேள்விகளை ஓட்டிப் பாருங்கள்.